பயன்பாட்டின் அளவும் விருப்பின் வரிசையும்: சமநோக்கு வளையியின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

நுண்பொருளியலைக் கற்கப் புகும் மாணவர் முதலாண்டிலேயே சந்திக்கும் வரைபடங்களுள் ஒன்று, உற்பத்தித் தானத்தை நோக்கிக் குவிந்து வளைந்த ஒரு கோட்டினை நேர்கோடொன்று ஒரு புள்ளியில் தொட்டுச் செல்லும் படமாகும். வளைந்த கோடு சமநோக்கு வளையி. நேர்கோடு வரவுசெலவுக் கோடு. அவை தொடும் புள்ளி, நுகர்வோன் தன் வருமானத்திற்குள் அடையத்தக்க மிகச் சிறந்த பண்டச் சேர்க்கை. இன்று இப்படம் ஓர் எளிய பாடமாகவே கற்பிக்கப்படுகின்றது. ஆயின், இது இன்றைய பொருளைப் பெறுவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம் பிடித்தது. வளையியை முதன்முதலில் வரைந்தவர் அதற்குக் கொடுத்த பொருளும், இன்றைய பாடநூல் அதற்குக் கொடுக்கும் பொருளும் ஏறத்தாழ எதிரெதிரானவை. மனிதன் அடையும் திருப்தியை அளவிட இயலுமா, அளவிட இயலாதெனின் அவனது தெரிவைப் பற்றி எதனைக் கூற இயலும் என்ற வினாவே இம்மாற்றத்தின் பின்னணியில் நின்றது. அவ்வினா இவ்வளையியின் வரலாற்றில் எவ்வாறு விடை பெற்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எட்ஜ்வேர்த் வரைந்த வளையி

1870களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஜெவொன்ஸ், ஒஸ்திரியாவில் மெங்கர், சுவிற்சலாந்தில் வல்ராஸ் ஆகிய மூவரும் தனித்தனியே எல்லைப் பயன்பாட்டுக் கோட்பாட்டினை முன்வைத்தனர். ஒரு பண்டத்தின் பெறுமதி அதன் மொத்தப் பயன்பாட்டினால் அன்றி, இறுதியாகப் பெறப்படும் அலகின் பயன்பாட்டினால் நிர்ணயமாகின்றது என்பது அதன் சாரம். ஜெவொன்ஸின் ஆய்வில் ஒவ்வொரு பண்டத்தின் பயன்பாடும் அப்பண்டத்தின் அளவை மட்டுமே சார்ந்திருந்தது. அரிசியின் பயன்பாடு அரிசியின் அளவைப் பொறுத்தது. தேங்காயின் பயன்பாடு தேங்காயின் அளவைப் பொறுத்தது. இரண்டையும் கூட்டினால் மொத்தம் கிடைக்கும். ஒன்றின் அளவு மற்றதன் சுவையைப் பாதிக்கும் என்பதற்கு இவ்வமைப்பில் இடமிருக்கவில்லை.

அயர்லாந்தில் பிறந்த பிரான்சிஸ் எட்ஜ்வேர்த் 1881இல் வெளியிட்ட கணித உளவியல் பற்றிய நூலில் இக்கட்டுப்பாட்டை அகற்றினார். பயன்பாடு எல்லாப் பண்டங்களின் அளவுகளையும் ஒருங்கே சார்ந்த ஒன்று என அவர் கொண்டார். அவ்வாறு கொண்டதும், ஒரே அளவு பயன்பாட்டைத் தரும் சேர்க்கைகளை இணைத்து ஒரு கோடு வரைவது இயல்பான அடுத்த படியாயிற்று. நிலப்படத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோட்டினை ஒத்தது அது. ரொபின்சன் குரூசோ கூலி கொடுக்க, பிரைடே உழைப்பைக் கொடுக்கும் எடுத்துக்காட்டைக் கொண்டு, இருவரின் வளையிகளும் ஒன்றையொன்று தொடும் இடங்களிலேயே அவர்களின் உடன்படிக்கை அமையும் என அவர் காட்டினார்.

இங்கு ஒன்றை உற்று நோக்குதல் வேண்டும். எட்ஜ்வேர்த்துக்குப் பயன்பாடு முதலில் வருவது. வளையி அதிலிருந்து பெறப்படுவது. மலையின் உயரம் முன்னரே தெரிந்திருந்தாற்றானே சமவுயரக் கோடு வரைய முடியும்? இன்பத்தை அளவிட முடியும் என்பதில் அவருக்கு ஐயமில்லை. மனிதனால் உணரத்தக்க மிகச் சிறிய இன்ப வேறுபாட்டையே அலகாகக் கொள்ளலாம் என அவர் கருதினார். ஒருவனது இன்பத்தை நொடிக்கு நொடி பதிவுசெய்யும் ஒரு கற்பனைக் கருவியையும் தம் நூலில் விவரித்தார். வெப்பமானி வெப்பத்தை அளப்பதுபோல அக்கருவி இன்பத்தை அளக்கும் என்பது அவரது எண்ணம். அத்தகைய கருவி எதுவும் செய்யப்படவில்லை. எனவே எட்ஜ்வேர்த்தின் வளையி, எவரும் அளந்திராத ஒரு மலையின் மீது வரையப்பட்ட கோடாகவே நின்றது.

பரேற்றோ செய்த தலைகீழ் மாற்றம்

இந்நிலையை மாற்றியவர் வில்பிரெடோ பரேற்றோ ஆவார். 1848இல் பாரிஸில் பிறந்து, தூரின் நகரில் பொறியியல் பயின்று, இரயில் பாதையிலும் இரும்புத் தொழிலிலும் பணியாற்றிய அவர், 1893இல் லோசான் பல்கலைக்கழகத்தில் வல்ராஸின் இடத்தைப் பெற்றார். 1906இல் இத்தாலிய மொழியில் வெளிவந்து, 1909இல் விரிந்த கணிதப் பின்னிணைப்புடன் பிரெஞ்சு மொழிக்குச் சென்ற தமது அரசியற் பொருளாதாரக் கைந்நூலில் அவர் எட்ஜ்வேர்த்தின் வழியைத் தலைகீழாகப் புரட்டினார். எட்ஜ்வேர்த் பயன்பாடு தெரியும் எனக் கொண்டு சமநோக்கு வளையியைப் பெற்றார். தாமோ வளையியையே அனுபவத்தால் அறியப்படும் தரவாகக் கொண்டு, அதிலிருந்து சமநிலைக்குச் செல்வதாகப் பரேற்றோ குறிப்பிட்டார்.

இதன் பொருளை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்கலாம். கணக்கின் எளிமைக்காக எடுத்துக்கொள்ளப்பட்ட எண்கள் இவை. ஒரு குடும்பத் தலைவி அரிசி, தேங்காய் ஆகிய இரண்டை மட்டும் வாங்குகின்றாள் எனக் கொள்வோம். அவளிடம் 10 கிலோ அரிசியும் 20 தேங்காயும் கொண்ட சேர்க்கை ஒன்று காட்டப்படுகின்றது. அதற்குப் பதிலாக 8 கிலோவும் 25 தேங்காயும் தந்தால் சம்மதமா எனக் கேட்கப்படுகின்றது. இரண்டும் தனக்கு ஒன்றே என்கின்றாள். 5 கிலோவும் 40 தேங்காயும்? அதுவும் ஒன்றே. 20 கிலோவும் 10 தேங்காயும்? அதுவும் அவ்வாறே. இந்நான்கு புள்ளிகளையும் இணைக்கும் வளைவு அவளது சமநோக்கு வளையி. அதனை வரைவதற்கு அவள் எத்துணை இன்பம் அடைகின்றாள் என்று எவரும் கேட்கவில்லை. எதனை விரும்புகின்றாய், அல்லது இரண்டும் ஒன்றா என்ற கேள்வி மட்டுமே கேட்கப்பட்டது.

இனி, அவளிடம் செலவிடுவதற்கு 240 ரூபா உள்ளது. அரிசி கிலோ 12 ரூபா. தேங்காய் ஒன்று 6 ரூபா எனக் கொள்வோம். பணம் முழுவதையும் அரிசிக்குச் செலவிட்டால் 20 கிலோ. தேங்காய்க்கே செலவிட்டால் 40 தேங்காய். இவ்விரு புள்ளிகளையும் இணைக்கும் நேர்கோடே வரவுசெலவுக் கோடு. அதன் சரிவு 2. அதாவது ஒரு கிலோ அரிசியைப் பெறுவதற்கு 2 தேங்காயைக் கைவிடுமாறு சந்தை கேட்கின்றது. இத்தகைய செலவுக் கோட்டினைச் சமநோக்கு வளையியுடன் பொருத்தி, இரண்டும் தொடும் நிலையை 1892இல் வெளியான தம் ஆய்வேட்டில் அமெரிக்கரான இர்விங் பிஷரும் வரைந்து காட்டியிருந்தார்.

முன்னர் கூறிய வளையியின் புள்ளிகளை இப்போது விலையிட்டுப் பார்க்கலாம். 8 கிலோவும் 25 தேங்காயும் 246 ரூபா. 5 கிலோவும் 40 தேங்காயும் 300 ரூபா. 20 கிலோவும் 10 தேங்காயும் 300 ரூபா. 10 கிலோவும் 20 தேங்காயும் மட்டுமே சரியாக 240 ரூபா. அவ்வளையியில் அவளது பணத்திற்கு எட்டும் புள்ளி அது ஒன்றே. அதற்கு மேலேயுள்ள எந்த வளையியும் அவளுக்கு எட்டாது. கீழேயுள்ள ஒரு வளையியை எடுத்துக்கொண்டால், 5 கிலோவும் 30 தேங்காயும், 15 கிலோவும் 10 தேங்காயும் அதன்மீது அமைந்த இரு புள்ளிகள் எனலாம். இரண்டும் 240 ரூபாவே. அதாவது வரவுசெலவுக் கோடு கீழ் வளையியை ஈரிடங்களில் வெட்டுகின்றது. வெட்டப்படும் அவ்விரு புள்ளிகளுக்கும் இடையே கோட்டின் வழியே நகர்ந்தால் அவள் மேல் வளையிக்கு ஏறலாம். தொடும் புள்ளியை அடைந்தபின் ஏறுவதற்கு இடமில்லை. மலைப்பாதை ஒன்றில் நடப்பவன், பாதை ஒரு சமவுயரக் கோட்டினை வெட்டிச் செல்லும்வரை ஏறிக்கொண்டிருக்கின்றான். பாதை அக்கோட்டினைத் தொடும் இடமே அப்பாதையின் உச்சி. பரேற்றோ கையாண்ட மலைப்பாதை உவமையின் உட்கருத்து இதுவே.

எண்கள் எவ்வளவு தேவை?

மேற்கூறிய வளையிகளுக்கு எண்ணிட விரும்பினால் அரிசியின் அளவைத் தேங்காயின் அளவால் பெருக்கி வரும் தொகையை இடலாம். முதல் வளையியின் நான்கு புள்ளிகளும் 200 என்ற எண்ணைப் பெறும். கீழ் வளையியின் புள்ளிகள் 150 என்ற எண்ணைப் பெறும். 200 பெரிது என்பதால் முதல் வளையி மேலானது. ஆயின், இவ்வெண்கள் ஒவ்வொன்றையும் தம்மாலேயே பெருக்கி 40,000 என்றும் 22,500 என்றும் எழுதினால் என்ன நேரும்? வளையிகள் அவ்விடத்திலேயே இருக்கும். எது மேல், எது கீழ் என்பது மாறாது. தொடும் புள்ளி மாறாது. குடும்பத் தலைவி கடையில் வாங்குவதும் மாறாது. வர்க்கமூலத்தை எடுத்தாலும் அவ்வாறே. எண்கள் வரிசையைக் காட்டும் அடையாளங்களே அன்றி அளவைகள் அல்ல.

இதன் விளைவு பாரதூரமானது. 20 தேங்காயை நிலையாக வைத்து அரிசியை 10 கிலோவிலிருந்து 11க்கும், பின்னர் 12க்கும் கூட்டிப் பார்க்கலாம். முதல் எண்முறையில் பயன்பாடு 200, 220, 240 எனச் செல்கின்றது. ஒவ்வொரு கிலோவும் 20ஐச் சேர்க்கின்றது. எல்லைப் பயன்பாடு மாறாதிருக்கின்றது. வர்க்க எண்முறையில் அது 40,000, 48,400, 57,600 எனச் செல்கின்றது. சேர்க்கை முதலில் 8,400, பின்னர் 9,200. எல்லைப் பயன்பாடு கூடிச் செல்கின்றது. வர்க்கமூல எண்முறையில் ஏறத்தாழ 14.14, 14.83, 15.49 எனச் சென்று, சேர்க்கை 0.69இலிருந்து 0.66ஆகக் குறைகின்றது. ஒரே பெண், ஒரே விருப்பு, ஒரே கொள்வனவு. ஆயினும் அவளது எல்லைப் பயன்பாடு குறைகின்றதா, கூடுகின்றதா, மாறாதிருக்கின்றதா என்பது நாம் எந்த எண்முறையைத் தேர்ந்தோம் என்பதிலேயே தங்கியுள்ளது. மார்ஷல் 1890இல் வெளியிட்ட பொருளியற் கோட்பாடுகளில் கேள்வி விதிக்கு அடித்தளமாக வைத்த குறைந்து செல்லும் எல்லைப் பயன்பாட்டு விதி, வரிசை மட்டுமே தெரிந்தவிடத்துப் பொருளற்றதாகி விடுகின்றது.

பரேற்றோ இம்முடிவின் வாயில்வரை வந்தார்; ஆயின் முற்றாக உள்நுழையவில்லை. பயன்பாட்டை அளவிடத் தேவையில்லை என நிறுவிய பின்னரும், பண்டங்கள் ஒன்றுக்கொன்று துணையானவையா, போட்டியானவையா என ஆராயும் இடங்களில் எல்லைப் பயன்பாடு கூடுவதையும் குறைவதையும் பற்றியே அவர் பேசினார். கைவிட்ட அளவுகோலை மீண்டும் கையிலெடுத்தமை பின்வந்தோரின் கண்டனத்திற்கு உரியதாயிற்று.

ஹிக்ஸும் அலனும்

அக்கண்டனத்தை முன்வைத்து, எஞ்சிய பணியை முடித்தவர்கள் இலண்டன் பொருளியற் கல்லூரியைச் சேர்ந்த ஜோன் ஹிக்ஸும் ஆர். ஜி. டி. அலனும் ஆவர். 1934ஆம் ஆண்டின் பெப்ரவரி, மே மாதங்களில் 'எக்கொனமிக்கா' சஞ்சிகையில் அவர்களின் கட்டுரை இரு பகுதிகளாக வெளிவந்தது. முதற்பகுதி ஹிக்ஸினால் எழுதப்பட்டது. கணிதப் பகுதி அலனுடையது. எல்லைப் பயன்பாடு என்ற எண்ணக்கருவையே அகற்றிவிட்டு, அதன் இடத்தில் எல்லைப் பதிலீட்டு வீதத்தை அவர்கள் அமர்த்தினர். ஒரு கிலோ அரிசியை மேலதிகமாகப் பெறுவதற்காக, முன்னிருந்த திருப்திநிலை கெடாமல், எத்தனை தேங்காயை ஒருவர் விட்டுக்கொடுக்கத் தயாராக உள்ளார் என்பதே அவ்வீதம். அது வளையியின் சரிவேயாகும்.

மேற்காட்டிய எடுத்துக்காட்டில் 5 கிலோ அரிசியும் 30 தேங்காயும் வைத்திருக்கும்போது குடும்பத் தலைவி மிகச் சிறிதளவு அரிசிக்காக, கிலோவுக்கு 6 தேங்காய் என்ற வீதத்தில் விட்டுக்கொடுக்க ஆயத்தமாக இருப்பாள். சந்தை கேட்பதோ 2 தேங்காய் மட்டுமே. எனவே தேங்காயைக் குறைத்து அரிசியைக் கூட்டுவது அவளுக்கு இலாபம். அரிசி கூடக் கூட, தேங்காய் அரிதாக, அவள் விட்டுக்கொடுக்கும் வீதம் குறைகின்றது. 10 கிலோவும் 20 தேங்காயும் ஆனபோது அவ்வீதம் 2 ஆகி, சந்தை வீதத்துடன் ஒன்றுகின்றது. அதற்கு அப்பால் 16 கிலோவும் 8 தேங்காயும் என்ற புள்ளிக்குச் சென்றிருந்தால், வீதம் அரையாகி, அவள் திரும்பி வர விரும்பியிருப்பாள். மூன்று எண்முறைகளில் எதனைக் கையாண்டாலும் இவ்வீதங்கள் மாறுவதில்லை. எண்முறையோடு மாறும் எல்லைப் பயன்பாட்டிற்கும், மாறாத பதிலீட்டு வீதத்திற்கும் உள்ள வேறுபாடே 1934ஆம் ஆண்டுக் கட்டுரையின் உயிர்நாடி.

ஆயினும் இம்மாற்றத்திற்கு ஒரு விலை இருந்தது. பதிலீட்டு வீதம் குறைந்து செல்லும், அதாவது வளையி உற்பத்தித் தானத்தை நோக்கிக் குவிந்திருக்கும் என்பதைப் பழைய விதியின் இடத்தில் ஓர் எடுகோளாகவே கொள்ள நேர்ந்தது. அவ்வெடுகோள் பொய்க்குமிடத்துத் தொடும் புள்ளி சிறந்த புள்ளியாக அமையாது. வளையி எதிர்ப்புறமாக வளைந்திருக்குமாயின், தொடும் புள்ளி கோட்டின் மீதுள்ள மிக மோசமான இடமாகும். நுகர்வோன் ஏதேனும் ஒரு முனைக்குச் சென்று ஒரே பண்டத்தை மட்டும் வாங்குவான். இதனைக் கண்டறியும் வழி எளிது: தொடும் புள்ளியின் இருமருங்கிலும் கோட்டின் வழியே சிறிது நகர்ந்து, அடையப்படும் வளையி தாழ்கின்றதா, உயர்கின்றதா எனப் பார்த்தல் வேண்டும். சரிவுகள் சமமாதல் மட்டுமே போதும் எனக் கொள்வது மாணவரிடையே பரவலாகக் காணப்படும் பிழையாகும்.

கவனிக்கப்படாத ஒரு கட்டுரை

ஹிக்ஸும் அலனும் அடைந்த முக்கிய முடிவொன்றை 19 ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவர் எழுதி வைத்திருந்தார் என்பது பின்னரே தெரியவந்தது. கியேவ் நகரில் வாழ்ந்த எவ்கெனி சிலுற்ஸ்கி, நுகர்வோன் வரவுசெலவு பற்றிய தம் கட்டுரையை 1915இல் இத்தாலியப் பொருளியற் சஞ்சிகை ஒன்றில் வெளியிட்டார். ஐரோப்பா போரில் மூழ்கியிருந்த காலம் அது. கட்டுரையோ கணிதம் செறிந்தது. நெடுங்காலம் எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. அலன் 1936இல் சிலுற்ஸ்கியின் கோட்பாட்டினைத் தனிக்கட்டுரையொன்றில் விளக்கினார். ஹிக்ஸ் 1939இல் வெளியான 'பெறுமதியும் மூலதனமும்' என்ற தம் நூலில் அவரது முதன்மையை ஏற்றுக்கொண்டார்.

சிலுற்ஸ்கி ஆராய்ந்த வினா இது: ஒரு பண்டத்தின் விலை குறைந்தால் நுகர்வோன் அதனைக் கூடுதலாக வாங்குவது ஏன்? இரு காரணங்கள் ஒருங்கே செயற்படுகின்றன. ஒன்று, அப்பண்டம் மற்றவற்றோடு ஒப்பிடுகையில் மலிவாகின்றது. மற்றையது, அவனது பணத்தின் வாங்கும் வலு கூடி, அவன் சற்றே செல்வந்தனாகின்றான். முன்னையது பதிலீட்டு விளைவு. பின்னையது வருமான விளைவு. இவ்விரண்டையும் பிரிப்பது எங்ஙனம்?

எடுத்துக்காட்டிற்கே திரும்பி, அரிசியின் விலை 12 ரூபாவிலிருந்து 6 ரூபாவாகக் குறைந்ததாகக் கொள்வோம். அதே 240 ரூபாவைக் கொண்டு குடும்பத் தலைவி இப்போது 20 கிலோ அரிசியும் 20 தேங்காயும் வாங்குகின்றாள். அரிசி 10 கிலோவால் கூடியுள்ளது. இதில் எவ்வளவு மலிவினால் வந்தது, எவ்வளவு செல்வத்தினால் வந்தது? சிலுற்ஸ்கியின் வழி பின்வருமாறு: அவள் முன்பு வாங்கிய 10 கிலோ, 20 தேங்காய் என்ற சேர்க்கை புதிய விலையில் 180 ரூபா. எனவே அவளிடமிருந்து 60 ரூபாவை எடுத்துவிட்டால், பழைய சேர்க்கையை மட்டும் மட்டுமட்டாக வாங்கும் நிலையில் அவள் நிற்பாள். அந்நிலையில் அவள் பழையதையே வாங்குவாளா? இல்லை, 15 கிலோவும் 15 தேங்காயும் வாங்குவாள். ஆகவே 10இலிருந்து 15க்குக் கூடியது பதிலீட்டு விளைவு. எடுத்த 60 ரூபாவைத் திருப்பிக் கொடுத்ததும் 15இலிருந்து 20க்குக் கூடியது வருமான விளைவு.

ஹிக்ஸின் நூலில் இதே பிரிப்பு வேறொரு முறையில் செய்யப்படுகின்றது. பழைய சேர்க்கையை வாங்கும் அளவிற்கன்றி, பழைய வளையியைத் தொடும் அளவிற்கு வருமானம் குறைக்கப்படுகின்றது. அவ்வாறாயின் ஏறத்தாழ 70 ரூபாவை எடுக்க வேண்டும், அரிசி 14.14 கிலோவாக இருக்கும். விலைமாற்றம் சிறிதாகுந்தோறும் இரு முறைகளும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. ஆயின் இவற்றிடையே உள்ள வேறுபாடு அடிப்படையானது. 70 ரூபா என்று கணிப்பதற்கு அவளது சமநோக்கு வளையி நமக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். 60 ரூபா என்று கணிப்பதற்கோ கடைக்காரரின் பற்றுச்சீட்டுப் போதும். பழைய அளவுகளும் புதிய விலைகளும் தவிர வேறெதுவும் தேவையில்லை.

இப்பிரிப்பு மார்ஷலின் பழைய புதிரொன்றுக்கும் விளக்கம் தந்தது. வறிய குடும்பங்கள் பாணின் விலை ஏறும்போது இறைச்சியைக் குறைத்துப் பாணைக் கூடுதலாக வாங்கக்கூடும் என்ற கருத்தை, கிபனின் பெயரால் மார்ஷல் தம் நூலின் 1895ஆம் ஆண்டுப் பதிப்பில் குறித்திருந்தார். வருமானம் குறையும்போது கூடுதலாக வாங்கப்படும் இழிவுப் பண்டத்தில் வருமான விளைவு எதிர்த்திசையில் செயற்படும். அப்பண்டம் செலவின் பெரும்பகுதியை விழுங்குமாயின், அவ்விளைவு பதிலீட்டு விளைவை விஞ்சவும் கூடும். கேள்வி விதி எவ்விடத்தில் பொய்க்கலாம் என்பதை இவ்வாறு வரையறுத்துக் கூற முடிந்தது. ஆனால் பதிலீட்டு விளைவு ஒருபோதும் திசைமாறாது என்றே கோட்பாடு கூறியது.

வளையியைக் கண்டவர் யார்?

சமநோக்கு வளையி அனுபவத்தால் அறியப்படும் தரவு எனப் பரேற்றோ கூறியிருந்தார். அதனை உண்மையிலேயே பரிசோதித்து வரைய முயன்றவர் அமெரிக்க உளவியலாளரான எல். எல். தேர்ஸ்டன். 1931இல் வெளியான அவரது ஆய்வில், தொப்பி, சப்பாத்து, மேலங்கி ஆகியவற்றின் பல்வேறு சேர்க்கைகள் ஒருவர் முன் வைக்கப்பட்டு, எதனை விரும்புவார் எனக் கேட்கப்பட்டது. விடைகளிலிருந்து வளையிகள் பொருத்தப்பட்டன. வோலிசும் பிரீட்மனும் 1942இல் இம்முயற்சியைக் கண்டித்தனர். பணமும் விலையும் இல்லாத ஆய்வுகூடத்தில், கற்பனைச் சேர்க்கைகளைப் பற்றிக் கேட்கப்படும் கேள்விக்கு ஒருவர் தரும் விடை, அவர் கடையில் என்ன செய்வார் என்பதற்குச் சான்றாகாது என்பது அவர்களின் வாதத்தின் சாரம். இன்பத்தை அளக்கும் கருவி இல்லாதது போலவே, வளையியைக் காட்டும் கருவியும் கைக்கெட்டாததாயிற்று.

இந்நிலையில் பால் சாமுவேல்சன் 1938இல் எழுதிய சிறு கட்டுரை வினாவையே மாற்றியமைத்தது. வளையியையும் விட்டுவிட்டு, வாங்கியவற்றை மட்டும் நோக்கினால் என்ன? மேலே சொன்ன பற்றுச்சீட்டுகளைக் கொண்டே இதனைச் சோதிக்கலாம். 240 ரூபாவும் பழைய விலையும் இருந்தபோது குடும்பத் தலைவி 10 கிலோவும் 20 தேங்காயும் வாங்கினாள். பின்னர் 180 ரூபாவும் புதிய விலையும் உள்ள நிலையில், அவள் 5 கிலோ அரிசியும் 25 தேங்காயும் வாங்கியிருந்தால் அது பொருந்துமா? அச்சேர்க்கை பழைய விலையில் 210 ரூபா. அன்று அவளிடம் 240 ரூபா இருந்தும் அதனைத் தள்ளி 10 கிலோ, 20 தேங்காயைத் தெரிந்தாள். இன்று அதே 10 கிலோவும் 20 தேங்காயும் 180 ரூபாவுக்கு எட்டுகின்றன. ஆயினும் அன்று தள்ளியதை எடுத்து, அன்று எடுத்ததைத் தள்ளுகின்றாள். இது முரண். 15 கிலோவும் 15 தேங்காயும் வாங்கினால் முரணில்லை. ஏனெனில் அவை பழைய விலையில் 270 ரூபா. அன்று அவை அவளுக்கு எட்டவேயில்லை. முரணின்றி வாங்குபவள், இழப்பீடு செய்யப்பட்ட நிலையில், மலிவான பண்டத்தைக் குறைத்து வாங்க மாட்டாள். பதிலீட்டு விளைவு திசைமாறாது என்பது இவ்வாறு இன்பமும் வளையியும் இன்றி, விலைகளையும் அளவுகளையும் மட்டும் கொண்டே நிறுவப்பட்டது.

எட்ஜ்வேர்த் ஒரு கருவியைக் கற்பனை செய்தார். பரேற்றோ கேள்வி கேட்டு வரிசையைப் பெறலாம் என்றார். சிலுற்ஸ்கி பழைய கொள்வனவின் விலையைக் கணித்தார். சாமுவேல்சன் பற்றுச்சீட்டோடு நின்றார். ஒவ்வொரு படியிலும் மனிதனின் உள்ளத்தைப் பற்றிக் கொள்ளப்பட்ட எடுகோள் குறைந்து வந்தது. ஆனால் ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒன்று இழக்கவும் பட்டது. அளவு போனதும், ஒரு ரூபா வறியவனுக்கு எவ்வளவு, செல்வந்தனுக்கு எவ்வளவு என ஒப்பிடும் உரிமை போயிற்று. இருவரின் வளையிகளை அருகருகே வைத்தாலும் எவனது திருப்தி பெரிது என்பதை அவை கூறமாட்டா. பற்றுச்சீட்டை மட்டுமே சான்றாகக் கொண்டதும் இன்னொரு ஐயம் எழுந்தது. மேற்கூறிய குடும்பத் தலைவி இரண்டாவது முறை 5 கிலோ அரிசியும் 25 தேங்காயும் வாங்கியே விட்டாள் எனின், அவள் முரண்பட்டாளா, அல்லது இரு கொள்வனவுகளுக்கும் இடையில் அவளது விருப்பே மாறிவிட்டதா? வீட்டில் ஒருவர் நோயுற்றிருக்கலாம். விருந்தினர் ஊருக்குத் திரும்பியிருக்கலாம். பற்றுச்சீட்டு அதனைக் கூறாது. விருப்பு மாறவில்லை என்ற எடுகோளைக் கொண்டே அவளைச் சோதிக்க முடியும். அவ்வெடுகோளைச் சரிபார்க்க வேண்டுமெனின் கடையிலிருந்து வீட்டிற்குச் சென்று அவளிடமே கேட்க வேண்டியிருக்கும்.